முள் டயல் கரண்ட் மீட்டர்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

லண்டனுக்குக் கிழக்கே நாங்கள் இருக்கும் தெருவில் பாதி வீடுகள் நூறு வருடப் பழசு. பல வீடுகளில் ஸ்மார்ட் மீட்டர் வந்துவிட்டது. வராத வீடுகளில், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலமாரிக்குள் கறுப்புப் பெட்டி ஒன்று இருக்கும். அதில் சின்னச் சின்னக் கடிகாரங்கள் போல ஐந்தாறு வட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு முள், ஒன்று விட்டு ஒன்று எதிர்த்திசையில் சுற்றும். ஊரில் ரீடிங் எடுக்க ஆள் வருவார், வெள்ளை அட்டையில் எழுதிவிட்டுப் போவார். இங்கே நாமே படித்து கம்பெனிக்கு எண்ணைச் சொல்ல வேண்டியிருப்பதால்தான் இத்தனை சந்தேகம்.

நான் மின்வாரிய ஆள் இல்லை. முதல் வருடம் தப்பாகப் படித்து, வந்த பில்லைப் பார்த்துத் தலையில் கை வைத்தவன். அதற்கப்புறம் கற்றுக்கொண்டேன். இப்போது தெருவில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் போட்டோ என் போனுக்குத்தான் வருகிறது. வந்த கேள்விகளை வந்தபடியே கீழே போட்டிருக்கிறேன்.

அண்ணா, இதில் நம்பரே இல்லையே. ஐந்து கடிகாரம் இருக்கிறது. எதைப் பார்த்து எழுதுவது?

ஒவ்வொரு வட்டமும் ஒரு இலக்கம். இடது ஓரத்தில் இருப்பது பத்தாயிரம், அடுத்தது ஆயிரம், அப்புறம் நூறு, பத்து, கடைசியில் ஒன்று. ஒவ்வொரு வட்டத்திலும் 0 முதல் 9 வரை எண்கள் உண்டு. முள் எந்த இரண்டு எண்களுக்கு நடுவில் நிற்கிறதோ, அவற்றில் சின்ன எண்ணை எழுதுங்கள். முள் 4-ஐத் தாண்டி 5-ஐத் தொடவில்லை என்றால் அது 4தான், 5-க்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் சரி. நாலு வயது முடிந்து பதினொரு மாதம் ஆன பிள்ளைக்கும் ஐந்து முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாதில்லையா, அந்தக் கணக்கு.

உதாரணத்துக்கு முட்கள் இடமிருந்து வலமாக 1-க்கும் 2-க்கும் நடுவில், 4-க்கும் 5-க்கும் நடுவில், 6-க்கும் 7-க்கும் நடுவில், 2-க்கும் 3-க்கும் நடுவில், கடைசி முள் 7-ஐத் தாண்டி நிற்கிறது என்றால் ரீடிங் 14,627. போன தடவை ரீடிங் 14,190 என்றால் இடையில் ஓடியது 437 யூனிட். ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி, ஊரில் சொல்லும் அதே யூனிட்தான்.

9-க்கும் 0-வுக்கும் நடுவில் நிற்கிறது. சின்ன எண் 0தானே, 0 போட்டேன். சரியா?

இல்லை, அந்த ஒரு இடத்தில் மட்டும் 9. அங்கே இருக்கும் 0 உண்மையில் பத்து. முள் ஒன்பதைத் தாண்டி வந்துவிட்டது, சுற்றை இன்னும் முடிக்கவில்லை. முடித்தபிறகுதான் 0. அதே போல 0-வுக்கும் 1-க்கும் நடுவில் நின்றால் அது 0.

ஒரு முள் வலது பக்கமாகச் சுற்றுகிறது, பக்கத்து முள் இடது பக்கமாகச் சுற்றுகிறது. மீட்டர் கெட்டுப்போய்விட்டதா?

கெடவில்லை. அப்படித்தான் சுற்ற வேண்டும். உள்ளே பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று பல் கோத்து நிற்கின்றன. பல் கோத்த இரண்டு சக்கரங்களில் ஒன்று வலமாகச் சுற்றினால் மற்றது இடமாகத்தான் சுற்றும். கரும்பு ஜூஸ் வண்டியில் இரண்டு உருளைகளையும் பார்த்திருப்பீர்கள்: கரும்பை உள்ளே இழுக்கிறபோது ஒன்று இந்தப் பக்கமும் மற்றது அந்தப் பக்கமும் போகும். மீட்டரிலும் அதேதான். ஒரே வித்தியாசம், வலது சக்கரம் பத்துச் சுற்று சுற்றினால் இடது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்படி பற்களின் எண்ணிக்கையை வைத்திருக்கிறார்கள்.

எல்லா முட்களையும் ஒரே திசையில் சுற்ற வைக்க முடியாதா என்றால், முடியும். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் இன்னொரு சக்கரத்தைப் போட வேண்டும். கூடுதல் சக்கரம் என்றால் கூடுதல் உரசல். இந்த மீட்டரைச் சுற்றுவது உள்ளே கிடையாகச் சுழலும் மெல்லிய அலுமினியத் தட்டு. ஒரே ஒரு பல்பு எரியும்போதுகூட அது சுழல வேண்டும், அந்த அளவு சின்ன விசைதான் அதற்கு உண்டு. அதனால் சுமையை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்தார்கள். எண்ணுருளைகள் இருக்கும் மீட்டரில் 09,999 என்பது 10,000 ஆகும் நேரத்தில் ஐந்து உருளையையும் ஒன்றாகப் புரட்ட வேண்டியிருக்கும். முள் டயலில் அந்தத் தொல்லை கிடையாது. அவர்களுக்கு இருந்த வசதிதான் நமக்கு இந்தக் குழப்பம்.

எதிர்த்திசையில் சுற்றும் டயலில் பெரிய எண்ணைத்தானே எழுத வேண்டும்? முள் அந்தப் பக்கத்திலிருந்துதானே வருகிறது?

என்னிடம் அதிகம் வந்த கேள்வி இதுதான். இல்லை, அங்கேயும் சின்ன எண்தான். முள் எதிர்த்திசையில் சுற்றுகிறது என்பதற்காகவே அந்த வட்டத்தில் எண்களையும் எதிர்த்திசையில் அச்சடித்திருக்கிறார்கள். உச்சியில் 0 இருக்கும். அதற்கு வலப்பக்கம் 1 இருந்தால் அந்த முள் கடிகாரம் போலச் சுற்றும். இடப்பக்கம் 1 இருந்தால் எதிராகச் சுற்றும். எந்தப் பக்கம் சுற்றினாலும் முள் 0, 1, 2, 3 என்று ஏறிக்கொண்டுதான் போகிறது, ஆகவே தாண்டி வந்த எண் எப்போதும் சின்ன எண்ணாகத்தான் இருக்கும்.

அப்படியானால் திசை எங்கே கெடுதல் செய்கிறது? எண்ணைப் படிக்காமல், கடிகாரம் பார்க்கும் பழக்கத்தில் முள்ளின் நிலையை மட்டும் பார்க்கும்போது. முள் இடது பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் கண் தானாக "7, 8 இருக்கும்" என்கிறது. எதிர்த்திசை டயலில் அந்த இடத்தில் இருப்பது 2, 3. கண்ணாடி அழுக்காக இருந்தாலும் டார்ச் வெளிச்சம் பட்டுப் பளபளத்தாலும் இந்தத் தப்பு நடக்கும். துணியால் துடைத்துவிட்டு, எண்ணை வாய்விட்டுப் படியுங்கள். எந்த டயல் எந்தத் திசை என்று மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

சிவப்பாக ஒரு டயல் தனியாக இருக்கிறது. அதையும் சேர்த்தால் ஆறு இலக்கம் வருகிறதே?

சேர்க்காதீர்கள். அது யூனிட்டின் பத்தில் ஒரு பங்கு. பக்கத்தில் 1/10 என்று எழுதியிருக்கும். கம்பெனிக்குச் சொல்லும் ரீடிங்கில் அதற்கு இடமில்லை. சேர்த்து எழுதினால் உங்கள் 14,627 ஒரு லட்சத்து நாற்பத்தாறாயிரத்துச் சொச்சம் ஆகிவிடும். ஆனால் அதை மறந்துவிடவும் வேண்டாம், மீட்டரைச் சோதிக்கும்போது அதுதான் உதவும். அதைக் கீழே சொல்கிறேன்.

டயல்களுக்கு மேலே 10,000, 1000, 100, 10, 1 என்று எழுதியிருக்கிறது. முள் காட்டும் எண்ணை அதால் பெருக்க வேண்டுமா?

பெருக்கிக் கூட்டினாலும் அதே எண்தான் வரும். 1 × 10,000, 4 × 1000, 6 × 100, 2 × 10, 7 × 1, எல்லாம் சேர்ந்து 14,627. வரிசையாக எழுதினாலே போதும்.

முள் சரியாக எண்ணின் மேலேயே நிற்கிறது. 6 போடுவதா 5 போடுவதா?

அந்த டயலைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு வலப்பக்கத்து டயலைப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

முட்கள் தத்தித் தத்தி நகர்வதில்லை, வழுக்கிக்கொண்டே போகின்றன. வலது டயல் ஒரு முழுச் சுற்று முடிக்கும்போதுதான் இடது டயல் ஒரு எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்கு வந்து சேரும். ஆகவே வலது முள் 0-வைத் தாண்டி 1, 2 என்று நின்றால், அதன் சுற்று இப்போதுதான் முடிந்திருக்கிறது. இடது முள் 6-ஐ எட்டிவிட்டது, 6 என்று எழுதலாம். வலது முள் 8-இலோ 9-இலோ நின்றால் சுற்று இன்னும் முடியவில்லை. இடது முள் 6-இன் மேல் நிற்பது போலத் தெரிந்தாலும் அது 5-தான்.

அதுதான் புரியவில்லை. ஒரு உதாரணம் சொல்லுங்கள், கஷ்டமானதாகவே சொல்லுங்கள்.

சரி, என் வீட்டு மீட்டரிலேயே சிக்கலான ஒரு நாள். இடமிருந்து பார்த்தபோது முதல் முள் அச்சடித்தது போல 4-இன் மேல். இரண்டாவது முள் உச்சியில், 0-வின் மேல். மூன்றாவது 9-க்கும் 0-வுக்கும் நடுவில். நான்காவது 5-க்கும் 6-க்கும் நடுவில், 6-ஐ ஒட்டி. ஐந்தாவது 8-ஐத் தாண்டி. நான் நம்பிக்கையாக எழுதியது 40,958.

இப்போது வலமிருந்து வருவோம். ஒன்றுகள் டயல் 8, சந்தேகமில்லை. பத்துகள் டயல் 5-க்கும் 6-க்கும் நடுவில், ஆகவே 5. அந்த முள் 6-ஐ ஒட்டி நிற்பதும் பொருந்துகிறது, ஏனென்றால் வலது டயல் 8-இல் இருக்கிறது, சுற்று முடியப் போகிறது. நூறுகள் டயல் 9-க்கும் 0-வுக்கும் நடுவில், ஆகவே 9. இங்கே வரைக்கும் 958. அடுத்தது ஆயிரம் டயல், முள் 0-வின் மேல். ஆனால் வலப்பக்கத்து நூறுகள் டயல் 9-இல்தான் இருக்கிறது, சுற்று முடியவில்லை. அப்படியானால் ஆயிரம் முள் 0-வை இன்னும் தொடவில்லை. அது 9. உற்றுப் பார்த்தபோது முள் உச்சிக்கு ஒரு மயிரிழை வலப்பக்கம் இருந்தது. அந்த டயல் எதிர்த்திசைக்காரன், அவனுக்கு 9 இருப்பது வலப்பக்கம்தான். கடைசியாகப் பத்தாயிரம், முள் 4-இன் மேல். வலப்பக்கத்தில் இப்போது 9 என்று தெரிந்துவிட்டது, ஆகவே இது 3. உண்மையான ரீடிங் 39,958.

நான் எழுதியதற்கும் இதற்கும் சரியாக 1,000 யூனிட் வித்தியாசம். யூனிட் 25 பென்ஸ் என்று வைத்துக்கொண்டால் 250 பவுண்ட். இதையே பாதி திருத்தி, ஆயிரத்தை 9 என்று சரியாகப் போட்டு, பத்தாயிரத்தை 4 என்றே விட்டால் 49,958 ஆகும். அது 10,000 யூனிட் அதிகம், 2,500 பவுண்ட். இடதுபுறம் போகப் போகத் தப்பின் விலை பத்து மடங்காகிறது. ஒன்றுகள் டயலில் எட்டா ஒன்பதா என்று அரைமணி நேரம் மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் இடது ஓரத்தை ஒரு வினாடிகூடப் பார்ப்பதில்லை.

பில்லோடு வந்த தாளில் இடமிருந்து வலமாகப் படித்து, எண்ணுக்குக் கீழே கோடு போடச் சொல்லியிருக்கிறது. நீங்கள் தலைகீழாகச் சொல்கிறீர்களே?

இரண்டும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். அந்த முறையில் முதலில் இடமிருந்து எல்லா எண்களையும் எழுதுவார்கள். முள் சரியாக எண்ணின் மேல் நின்றால் அந்த எண்ணை எழுதி அடிக்கோடு இடுவார்கள். பிறகு, அடிக்கோடிட்ட எண்ணுக்கு அடுத்து 9 வந்தால் அடிக்கோடிட்ட எண்ணில் ஒன்று குறைப்பார்கள். மேலே சொன்ன வலது டயல் கணக்கையே சுருக்கி விதியாக்கியிருக்கிறார்கள்.

குறைக்கும் வேலையை மட்டும் வலமிருந்து செய்யுங்கள். என் உதாரணத்தில் 4-க்கும் 0-வுக்கும் அடிக்கோடு விழும். இடமிருந்து பார்த்தால் 4-க்கு அடுத்து 0, ஆகவே 4-ஐத் தொட வேண்டாம் என்று தோன்றும். அடுத்து 0-வுக்குப் பின் 9 வருகிறது, ஒன்று குறைத்தால் 9. இங்கேயே நிறுத்திவிட்டால் கையில் இருப்பது 49,958, மேலே பார்த்த அந்த 2,500 பவுண்ட் தப்பு. வலமிருந்து வந்தால் முதலில் 0 என்பது 9 ஆகிறது, அதைப் பார்த்து 4 என்பது 3 ஆகிறது. 0-வில் ஒன்று குறைப்பது என்றால் 9 என்பதையும் நினைவில் வையுங்கள்.

எங்கள் மீட்டரில் முள் எதுவுமே ஒழுங்காக நிற்கவில்லை. நூறுகள் முள் 6-க்கும் 7-க்கும் சரிபாதியில், ஆனால் பத்துகள் டயல் 0-வை இப்போதுதான் தாண்டியிருக்கிறது.

நல்ல கண் உங்களுக்கு. பத்துகள் டயல் 0-வைத் தாண்டிய நேரத்தில் நூறுகள் முள் ஒரு எண்ணின் மேலேயே நிற்க வேண்டும். பாதியில் நிற்கிறது என்றால் அந்த முள் அதன் அச்சில் கொஞ்சம் திரும்பிப் பொருந்தியிருக்கிறது. பழைய மீட்டர்களில் இது உண்டு. கொஞ்சம் சாய்வு என்றால் பரவாயில்லை, இடது முள் எந்த எண்ணுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதை வலது டயலே சொல்லிவிடும். எது நெருக்கமோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

உங்களுடையதில் சரிபாதி என்பதால் அது 6 என்றும் சொல்லலாம், 7 என்றும் சொல்லலாம். கையில் ஒரு பழைய ரீடிங், யாராவது நேரில் வந்து எடுத்தது, இருந்தால் அதை வைத்துப் பாருங்கள். நூறு யூனிட் கூடக்குறைய என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். அதுவும் இல்லையென்றால் கம்பெனிக்குச் சொல்லுங்கள், போட்டோவையும் அனுப்புங்கள். முள் தவறிப் பொருந்திய மீட்டரை மாற்றித் தரச் சொல்வதில் தப்பே இல்லை. நீங்களே மூடியைத் திறந்து முள்ளைத் திருப்பும் வேலை மட்டும் வேண்டாம். முத்திரையைத் தொட்டால் அது வேறு கதையாகிவிடும், உள்ளே மின்சாரமும் இருக்கிறது.

நான் படித்தது சரியா, மீட்டர் சரியாக ஓடுகிறதா என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா?

உண்டு. இங்கேதான் அந்தச் சிவப்பு டயல். அது ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் ஒரு யூனிட். வீட்டில் முடிந்த வரை எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 2 கிலோவாட் மின்சார ஹீட்டர் ஒன்றை முழு வேகத்தில் அரைமணி நேரம் விடுங்கள். 2 கிலோவாட் அரைமணி நேரம் ஓடினால் ஒரு கிலோவாட் மணி. சிவப்பு முள் கிளம்பிய இடத்துக்கே கிட்டத்தட்ட திரும்பி வந்திருக்க வேண்டும், ஒன்றுகள் முள் ஒரு எண் நகர்ந்திருக்க வேண்டும். ஹீட்டர் சூடு ஏறியதும் தானாக நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் தெர்மோஸ்டாட்டைக் கடைசி வரை திருப்பி வையுங்கள்.

அவசரக்காரர்களுக்குத் தட்டு இருக்கிறது. கண்ணாடிக்குள் சுழலும் அந்த அலுமினியத் தட்டின் விளிம்பில் ஒரு கறுப்பு அடையாளம் இருக்கும். மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சுற்று என்று எழுதியிருப்பார்கள். என் மீட்டரில் 166⅔. அதாவது ஒரு சுற்றுக்கு 6 வாட் மணி. 3 கிலோவாட் கெட்டிலைப் போட்டால் கறுப்பு அடையாளம் 7.2 வினாடிக்கு ஒரு முறை கடந்து போக வேண்டும். பத்துச் சுற்றை எண்ணினால் 72 வினாடி, அதற்குள் கெட்டில் கொதித்து நின்றுவிடாத அளவுக்குத் தண்ணீர் இருக்கட்டும். ஒன்றிரண்டு வினாடி முன்பின் இருந்தால் கவலையில்லை. கெட்டிலில் எழுதியிருக்கும் வாட்டும் துல்லியமில்லை, பின்னால் பிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கலாம். பாதி நேரத்திலோ இரண்டு மடங்கு நேரத்திலோ வந்தால்தான் யோசிக்க வேண்டும்.

போட்டோவில் ஒரு எண் தெரிகிறது, நேரில் பார்த்தால் வேறு எண் தெரிகிறது. எது சரி?

முகத்துக்கு நேராகப் பார்த்தது சரி. முள், எண் அச்சடித்த தகட்டில் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை, கொஞ்சம் முன்னால் நிற்கிறது. பக்கத்து வீட்டு அக்கா வீட்டில் மீட்டர் வாசல் கதவுக்கு மேலே இருக்கிறது. அவர் கீழே நின்று போனைத் தூக்கி எடுத்த படத்தில் எல்லா முள்ளும் கொஞ்சம் மேலே ஏறியது போலத் தெரியும். நேராக நின்ற முள்ளுக்கு அதனால் ஒன்றுமில்லை, பக்கவாட்டில் நீட்டிய முள்தான் எண் மாறும். ஸ்டூல் போட்டு ஏறி, போனை டயலுக்கு நேராகப் பிடித்து, பிளாஷை அணைத்துவிட்டு எடுங்கள். பிளாஷ் கண்ணாடியில் பட்டால் நடு டயல் ஒரு வெள்ளைப் பொட்டாகத்தான் வரும்.

தண்ணீர் மீட்டரிலும் குட்டி முட்கள் இருக்கின்றனவே, அதற்கும் இதே கணக்கா?

இங்கே வீடுகளில் இப்போது இருக்கும் தண்ணீர் மீட்டர்களில் முக்கியமான எண் உருளைகளில் நேராகத் தெரியும். கறுப்பு எண்கள் கன மீட்டர், அதைத்தான் சொல்ல வேண்டும். குட்டிச் சிவப்பு முட்களுக்குப் பக்கத்தில் ×0.1, ×0.01 என்று எழுதியிருந்தால் அவை கன மீட்டரின் பின்னங்கள், கரண்ட் மீட்டரின் சிவப்பு டயல் போலத்தான், எழுத வேண்டாம். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிய பிறகும் அதில் மிகச் சின்ன முள் நகர்ந்துகொண்டே இருந்தால் எங்கோ கசிகிறது. முக்கால்வாசி டாய்லெட் தொட்டிதான்.

நியூ ஜெர்சியில் இருக்கும் என் தங்கை வீட்டிலும் இதே போல மீட்டர். அவளுக்கு இதையே அனுப்பலாமா?

கரண்ட் மீட்டருக்கு அனுப்பலாம். அங்கேயும் வட்டமான கண்ணாடிக்குள் ஐந்து டயல்கள், சின்ன எண், வலது டயல் கணக்கு எல்லாம் ஒன்றே. நான்கே டயல் இருந்து முகப்பில் பத்தால் பெருக்கு என்று எழுதியிருந்தால் மட்டும் முடிவில் ஒரு பூஜ்யம் சேர்க்க வேண்டும்.

அங்கே டயல் வைத்த கேஸ் மீட்டரும் உண்டு, அதில் ஒரு பொறி இருக்கிறது. டயலுக்கு மேலே போட்டிருக்கும் எண் அந்த முள் ஒரு முழுச் சுற்று சுற்றினால் எவ்வளவு என்பது, ஒரு எண்ணுக்கு எவ்வளவு என்பதில்லை. 1000 என்று எழுதிய டயலில் ஒவ்வொரு எண்ணும் 100. முன்பு டயலுக்கு மேல் எழுதியிருப்பதைப் பற்றிச் சொன்ன பதிலை அங்கே பொருத்தினால் பத்து மடங்கு தப்பாகும்.

இந்த மாத ரீடிங் போன மாதத்தைவிடக் குறைவாக வருகிறது. மீட்டர் பின்னால் ஓடுமா?

மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, மீட்டர் நிரம்பித் திரும்ப 0-விலிருந்து தொடங்கியிருக்கிறது. ஐந்து டயலில் 99,999-க்கு அடுத்தது 00,000. போன தடவை 99,731, இப்போது 00,214 என்றால், இப்போதைய எண்ணுடன் ஒரு லட்சம் கூட்டிக் கழியுங்கள். 1,00,214 – 99,731 = 483 யூனிட். பயப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது, கூரையில் சோலார். பழைய தட்டு மீட்டர்களில் சில, நம் வீட்டிலிருந்து மின்சாரம் வெளியே போகும்போது தட்டு பின்னோக்கிச் சுழல, எல்லா முள்ளும் சேர்ந்து பின்னால் வரும். பில் குறைகிறதே என்று சும்மா இருந்துவிடக் கூடாது, கம்பெனிக்குச் சொல்லி மீட்டரை மாற்ற வேண்டும்.

மூன்றாவதுதான் நிறைய: போன தடவை படித்தது தப்பு.

அந்த மூன்றாவதுதான் எனக்கு நடந்திருக்கிறது. போன தடவை 49,958 என்று கொடுத்தேன், இப்போது சரியாகப் பார்த்தால் 40,400. சரியான எண்ணைப் போட்டால் தானாகச் சரியாகிவிடுமா?

பேசாமல் எண்ணை மட்டும் போட்டுவிடாதீர்கள். குறைவான எண் வந்ததும் கம்பெனியின் கணினி, மீட்டர் ஒரு சுற்று முடித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக்கூடும், முந்தின பதிலில் சொன்ன அதே கணக்கு. 49,958-இலிருந்து ஒரு லட்சம் வரை 50,042, அதோடு இப்போதைய 40,400. மொத்தம் 90,442 யூனிட் ஓடியதாகப் பில் வரும். பெரும்பாலும் ஆன்லைன் பக்கமே அந்த எண்ணை ஏற்காது, ஆனால் ஏற்றுக்கொண்டு பில் போட்ட கதை எனக்கே நடந்தது. வங்கியிலிருந்து அந்தத் தொகையை எடுக்க முயன்றபோதுதான் எனக்குத் தெரிந்தது.

முதலில் போன் செய்து, போன ரீடிங் தப்பு, அதை நீக்குங்கள் என்று சொல்லுங்கள். அப்போது எழுத வேண்டியது 39,958 என்பதற்கு மேலே செய்தது போல டயல் டயலாகக் காரணம் சொல்லலாம், அன்றைய போட்டோ இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம் இன்றைய 40,400-ஐப் போட்டோவோடு கொடுங்கள். அவர்கள் செய்ய வேண்டியது 39,958-க்கும் 40,400-க்கும் நடுவில் உள்ள 442 யூனிட்டுக்கு ஒரு பில், முன்பு கூடுதலாக வாங்கிய 10,000 யூனிட்டுக்கு வரவு. திருத்திய பில் வந்ததும் அதில் இரண்டு ரீடிங்கும் இவைதானா, பக்கத்தில் மதிப்பீடு என்று போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். மதிப்பீடு என்றிருந்தால் நீங்கள் சொன்ன எண்ணை அவர்கள் இன்னும் ஏற்றவில்லை, மறுபடி போன் செய்ய வேண்டியதுதான்.